பிப்ரவரியில் முந்நூறு

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு மும்பைக்காரர்களுக்குச் சம்பளம் போடுவதுதான் என் வேலை. எங்கள் நிறுவனத்துக்கு ஆசியா முழுக்கக் கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளின் சம்பளக் கணக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரே மாடியில் நடக்கிறது. தமிழ் தெரியும் என்பதால் என்னை இந்தியப் பிரிவில் போட்டார்கள். மும்பைக் கிடங்கில் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

தொழில் வரி என்ற ஒன்றை இந்தப் பிரிவில்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். நம் மலேசியாவில் சேமநிதிக்கு இபிஎஃப் பிடிப்பார்கள், விபத்துக் காப்புறுதிக்குச் சொக்சோ பிடிப்பார்கள், வருமான வரி பிடிப்பார்கள். வேலை பார்ப்பதற்கே தனியாக ஒரு வரி நமக்குக் கிடையாது. மகாராஷ்டிராவில் உண்டு. மாதச் சம்பளம் எந்தப் படியில் விழுகிறதோ அதற்கேற்ற தொகை. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை ஆண்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் பத்தாயிரம் வரை நூற்று எழுபத்தைந்து. பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் இருநூறு. பெண்களுக்கு இருபத்தைந்தாயிரம் வரை விலக்கு. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் ஒரு மாநிலம் ஒருவரிடம் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வாங்க முடியாது. அரசியல் சாசனமே போட்ட வரம்பு அது. அதனால் பதினொரு மாதம் இருநூறு, பிப்ரவரியில் மட்டும் முந்நூறு.

"பிப்ரவரியை மறந்துறாதலா, கணக்கு உதைக்கும்," என்று முதல் வாரமே சொல்லி வைத்தார் எங்கள் குழுத்தலைவி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் வளர்ந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சொல்ல வந்தவர் மும்பைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஜூனில் வேலைக்குச் சேர்ந்தார். ஜூலையில் கூப்பிட்டார். எங்களுக்கு மதியம், அவர்களுக்குக் காலை.

"மேடம், எனக்கு இருநூறு ரூபா புடிச்சிருக்கீங்க. எனக்கு அந்த வரி கிடையாதே. எம்மகளுக்கு நடக்க வராது. சேரும்போதே சர்டிபிகேட் குடுத்தேன்."

அவர் சொன்னது சரிதான். உடற்குறை நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத, நிரந்தரக் குறையுள்ள பிள்ளையின் பெற்றோருக்குத் தொழில் வரி விலக்கு உண்டு. அரசு மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். அவர் கொடுத்திருந்த நகலில் முத்திரை மங்கிப் போயிருந்ததால் கணினி அதை ஏற்கவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே போனில் படமெடுத்து அனுப்பினார். தாள் சுருண்டுவிடாமல் இருக்க ஒரு சிறிய கை மூலையை அழுத்திப் பிடித்திருந்தது. விரல்களில் நெயில் பாலிஷ், பாதி உரிந்த பச்சை.

நான் விலக்கைப் பதிந்துவிட்டு அவரிடம் சொல்லக் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளையே போனை எடுத்தது. "அப்பா குளிக்கிறாரு. நீங்க மலேசியா ஆன்ட்டியா? உங்க ஜன்னல்ல என்ன தெரியுது?"

"கடல் தெரியுது. ஃபெரி போவுது."

"எங்க ஜன்னல்ல இன்னொரு ஜன்னல்தான் தெரியுது," என்று சொல்லிச் சிரித்தது. பதினொரு வயது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் அவர் வரிசையில் தொழில் வரி என்ற இடத்தில் சுழி வரும். நூற்றுக்கணக்கான வரிசைகளில் அது ஒன்றுதான் என் கண்ணில் படும்.

பிப்ரவரி தொடக்கத்தில் அவர் மறுபடி கூப்பிட்டார். ஜனவரிச் சம்பளம் போட்டு முடித்திருந்தோம்.

"மேடம், இந்த மாசத்துலேர்ந்து அந்த வரியப் புடிச்சுக்குங்க."

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு அண்ணே? உங்களுக்குத்தான் விலக்கு இருக்கே. யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல." கிடங்கின் இரைச்சல் தள்ளிப் போயிற்று; வெளியே வந்துவிட்டார் போல. "பாப்பா இல்லீங்க மேடம். நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில மூணு நாள்தான். மாசக் கடைசில போயிடுச்சு. பின்னாடி கம்பெனிக்குப் பிரச்சினை வரக்கூடாதுல்ல, அதான் நானே சொல்லிடலாம்னு."

என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவர் "சரிங்க, சரிங்க" என்றார். அவர்தான் என்னைத் தேற்றுவது போல இருந்தது.

அக்காவிடம் போனேன். "மார்ச்சோட வருஷம் முடியுது. அதுவரைக்கும் அப்படியே விட்டுறலாமாக்கா? ரெண்டு மாசந்தானே."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள். "தெரியாம விட்டா வேற. இப்ப நமக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு அங்க வரி ஆபிசுலேர்ந்து ஆள் வந்து பார்த்தா வரி, வட்டி, அபராதம் எல்லாம் கம்பெனி தலையில விழும். அவரே சொல்லிட்டாருல்ல. செய்யத்தான் வேணும்."

செய்தேன். விலக்கை நீக்கக் கணினி காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் இருந்தன: சான்றிதழ் காலாவதி, தவறான பதிவு, ஊழியர் திரும்பப் பெற்றார். மூன்றில் எதுவும் உண்மையில்லை. மூன்றாவதை அழுத்தினேன். பிப்ரவரி ஆனதால் சுழி இருந்த இடத்தில் நேரே முந்நூறு வந்து உட்கார்ந்தது.

முந்நூறு ரூபாய் நம் காசில் பதினைந்து வெள்ளி பெறும். நானே அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அனுப்பினால் அவரை எவ்வளவு கேவலப்படுத்தியதாகும் என்று அடுத்த நிமிடமே உறைத்தது. அன்று மதியம் அக்கா வாங்கிவந்த நாசி கண்டார் சோற்றை இருவரும் கிளறிக்கொண்டே இருந்தோம்.

சம்பளச் சீட்டு போவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். எல்லாருக்கும் இருநூறுதான், பிப்ரவரியில் மட்டும் இப்படி, உங்களுக்கென்று கூட்டிப் பிடிக்கவில்லை என்று வரம்புக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பேசப் பேச, மகளைப் பறிகொடுத்தவரிடம் நூறு ரூபாய்க்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று பாதியில் நிறுத்தினேன்.

"பரவால்ல மேடம்," என்றார். "எல்லாருக்கும் புடிக்கிறதுதானே. இனிமே நானும் எல்லாரு மாதிரிதானே."

அதோடு முடிந்திருந்தால்கூடத் தேவலாம். மார்ச்சில், விலக்கு பெற்ற ஊழியர்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் போயிற்று. புதிய நிதியாண்டுக்கு உங்கள் பிள்ளையின் மருத்துவச் சான்றிதழை மறுபடி பதிவேற்றவும் என்று. அதை அனுப்புவது வேறு நாட்டிலுள்ள இன்னொரு பிரிவு. அவர்கள் டிசம்பர் மாதப் பட்டியலை வைத்திருந்தார்கள். எனக்கு நகல் வந்தபோதுதான் அவர் பெயரைப் பார்த்தேன். பதறிப்போய் அந்தப் பிரிவைக் கூப்பிட்டேன்.

"அனுப்பியாயிற்று, திரும்பப் பெற முடியாது," என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் தன்மையாகத்தான் சொன்னது. பதில் வராதவர்களுக்கு வாரம் ஒருமுறை நினைவூட்டல் தானாகவே போகும் என்றும் சொன்னது. நிறுத்த வேண்டுமானால் ஊழியர்தான் பதில் போட வேண்டுமாம்.

மும்பைக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. வண்டியில் இருந்திருப்பார்.

சாயங்காலம் அவருடைய பதில் வந்தது. கொடுக்கப்பட்டிருந்த கட்டங்களில் "பொருந்தாது" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கீழே, விளக்கம் எழுதும் இடத்தில், மகளின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை, இறந்த தேதியைக்கூட.

நான் அதைக் கோப்பில் சேர்த்தேன். மார்ச் மாதச் சம்பளத்தில் இருநூறு பிடித்தோம்.