பெரிய எழுத்து நோட்டீசும் ஒரு மாலையும்

செஞ்சி கடைவீதியில் என் டி.டி.பி. கடைக்குக் கல்யாணப் பத்திரிகை வேலைதான் அதிகம். அதனால் நோட்டீஸ் என்றாலே கலரைக் கொட்ட வேண்டும் என்பது என் நினைப்பு. நாலு கடை தள்ளி வாக்கர், முழங்கால் பெல்ட், சுகர் பார்க்கிற மெஷின் எல்லாம் விற்கிற அக்கா, வயசான வாடிக்கையாளர்களுக்கு ஒரு நோட்டீஸ் கேட்டார். இளம்பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் ரோஜா, பளபளக்கும் காகிதம் என்று அடித்துக் கொடுத்தேன்.

அக்கா அதைக் கடைக்கு வந்த பெரியவர்கள் நாலு பேரிடம் நீட்டினார். நாலு பேரும் "ஜோரா இருக்குது" என்றார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் தயங்கி, "இன்னா எழுதிருக்குதும்மா?" என்று கேட்டார்.

மானம் போயிற்று. மறுபடி உட்கார்ந்தேன். வெளிச்சம் பட்டால் கண் கூசாத மங்கல் காகிதம், வெள்ளையில் கறுப்பு எழுத்து. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனும் ஏற்றினால் 'ண'வின் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு மை கொட்டியது போல ஆகிறது. தடிமனைக் குறைத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டேன். பதினெட்டு சாமான்களின் பட்டியலை வெட்டி நாலு சாமானாகக் குறைத்தேன். போன் நம்பரை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். ரோஜாவை எடுத்ததில் மட்டும் எனக்கு வருத்தம்தான்.

படத்துக்கு அக்கா தன் அப்பாவையே சொன்னார். ரிட்டயரான பஸ் கண்டக்டர். பாத்ரூமில் விழுந்து எழுந்ததிலிருந்து மூன்று மாதமாக வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகவில்லை. வாக்கர் பிடித்து நடப்பதை ஊர் பார்க்கக் கூடாதாம். வீட்டில் அந்த வாக்கர் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

"ஊருக்கெல்லாம் விக்கிறேன். எங்க நைனா அதத் தொட்டாரா பாரு. படத்துக்காகவாவது புடிப்பாரு" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

"வாக்கர் தெரிஞ்சுது, நோட்டீஸக் கிழிச்சிடுவேன். கழுத்து வரைக்கும் எடு."

"கொஞ்சம் சிரிங்க ஐயா."

"டிக்கெட் கிழிச்ச காலத்துலயே சிரிச்சதில்ல."

கழுத்து வரைக்கும் எடுத்தேன். கடையின் பச்சை பிளஸ் குறி எடுப்பாகத் தெரியட்டும் என்று அதையும் கறுப்பாக்கி, அவர் தலைக்கு மேலே வைத்தேன். அதையே பெரிய போஸ்டராகவும் அடித்து பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினோம். எட்ட நின்று பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை மிச்ச நோட்டீஸைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குக் கிளம்பிவிட்டார். பெரியவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவர், கையில் ரோஜா மாலை, கண்ணெல்லாம் சிவந்து நின்றார். பெரியவரோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர், வல்லத்துக்காரர். உள்ளே பார்த்ததும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஜன்னலிலிருந்து போஸ்டரைப் பார்த்திருக்கிறார். வெள்ளைக் காகிதம், கறுப்புச் சிலுவை, கீழே சிரிக்காத முகம். அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? நான் அவ்வளவு பாடுபட்ட எழுத்தை மனுஷன் ஒரு வரி பார்க்கவில்லை.

"யாருக்குடா மாலை?"

"உனக்குத்தான்."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் இட்லியைப் பார்த்தேன்.

"அப்ப பஸ் ஸ்டாண்டு பூரா நான் செத்துட்டேனா?" பெரியவர் கையைக் கழுவினார். வாக்கர்மேல் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டார். வாக்கரைத் தூக்கி வைத்து ஒரு அடி, மறுபடி தூக்கி வைத்து ஒரு அடி என்று கேட்டைத் தாண்டினார். நாங்கள் இருவரும் குற்றவாளிகள் மாதிரி பின்னால் போனோம். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். கேட்காதவர்களிடமும் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

போஸ்டர் முன்னால் நின்று, கண்ணாடி போடாமல், சத்தமாகப் படித்தார். "நடக்கும்போது விழாமலிருக்க வாக்கர். பிடித்து நடங்கள், வெட்கம் வேண்டாம்." போன் நம்பரையும் விடவில்லை. யாரோ சொல்லி அக்கா கடையிலிருந்து ஓடிவந்தார். அப்பா பஸ் ஸ்டாண்டில் வாக்கரோடு நிற்பதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டிரைவருக்கு மாலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, வாக்கரிலேயே மாட்டிவிட்டார்.

"எழுத்து நல்லாத்தாம்மா இருக்குது" என்றார் பெரியவர் என்னிடம். "படந்தான் தப்பு. இப்ப எடு, காலோட. இதுவும் தெரியட்டும்."

வாக்கரைத் தட்டிக் காட்டினார். நான் போனைத் தூக்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு. மொதல்ல அந்த மாலைய எடுத்துடு."