சாட்சிக்குப் பெயரில்லை

அட்டைப்பெட்டி ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் விபத்து அறிக்கை எழுதுபவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் மிளகாய் அக்கா. முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் 'என்னடா' என்று எரிந்து விழுந்துகொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வாரம் அழுத்து இயந்திரத்தில் ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் நசுங்கின. ஒப்பந்தத் தொழிலாளி, வாயில்லாப் பூச்சி. இயந்திரத்தின் முன்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி இல்லை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேற்பார்வையாளர்தான் அதைக் கழற்றச் சொன்னார் என்று எதிர் இயந்திரத்துக்காரன் சொன்னான்.

"அக்கா, எம்பேரு வெளிய வராதுல்ல?"

"பலகையில ஒட்டுற அறிக்கையில வராது. அரசாங்க ஆய்வாளர் வந்து கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். பொய் சொல்லி உன்னைப் பேச வைக்க மாட்டேன்."

அவன் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அறிக்கையில் அவன் 'சாட்சி' ஆனான்; அந்தப் பெண் 'காயமடைந்தவர்' ஆனாள். பெயர்களும் அடையாள எண்களும் தனித்தாளில் எழுதப்பட்டுப் பூட்டிய அலமாரிக்குள் போயின. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. 'எதிர் இயந்திரத்தில் நின்ற சாட்சி' என்று அவளே எழுதியிருந்தாள். எதிரில் இருப்பது ஒரே ஒரு இயந்திரம். பெயரை எடுத்துவிட்டு ஆளைக் கை காட்டியிருக்கிறாள்! தன்னையே திட்டிக்கொண்டு அந்த வரியை அடித்தாள். கழற்றிய கம்பி கிடங்கில் கிடந்தது. அது போதாதா? 'தடுப்பு அகற்றப்பட்டிருந்தது, கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதினாள். சாட்சியை அந்த இடத்திலிருந்தே நகர்த்திவிட்டாள்.

"பேரில்லாம என்னம்மா அறிக்கை?" என்று மேலாளர் சலித்துக்கொண்டார்.

"பேரு தெரிஞ்சா கம்பி தானா மாட்டிக்குமா சார்?"

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். ஒரு வேலையை உருப்படியாகச் செய்தோம் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதி ஒரே இரவுதான் தாங்கியது.

காலையில் காயமடைந்தவளே போனில் அழைத்தாள். அழுகைக்கு நடுவே வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் முழுகாம இருக்கறது எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். முன்னாடி ரெண்டு தடவ கலைஞ்சு போனதால இந்தத் தடவ மாமியார்கிட்டகூடச் சொல்லல. இப்ப ஊரே பேசுது. காண்டிராக்டர் இனி வர வேணாங்கிறாரு."

மிளகாய் அக்கா தன் அறிக்கையை எடுத்துப் புரட்டினாள். அவள் அறிக்கையில் விரல்களைப் பற்றி மட்டும்தான் இருந்தது. சிகிச்சை விவரம் எழுதிய மருத்துவமனைத் தாளை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உறையில் போட்டு ஆலை மருத்துவரிடம் நேராகக் கொடுக்க வேண்டிய தாள் அது. விசாரித்ததில் குட்டு உடைந்தது. அவளுக்கு விடுப்பு கேட்டு வந்த கணவன், வேறு வழி தெரியாமல், அந்தத் தாளை அதே மேற்பார்வையாளரிடம் நீட்டியிருக்கிறான். அவர் அதைப் படம் பிடித்து மேற்பார்வையாளர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். பெயர், அடையாள எண், வயிற்றுப் பிள்ளை என்று ஒன்று விடாமல் எல்லாம் அதில் இருந்தன. ஒப்பந்ததாரரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது.

அவளுக்கு வந்த கோபத்தில் மேசையே அதிர்ந்தது. புதுப் படிவம் ஒன்றை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினாள். 'சம்பவம்: தொழிலாளி ஒருவரின் மருத்துவ விவரம் வெளியே பரப்பப்பட்டது. விளைவு: வேலை மறுப்பு.' என்ன விவரம் என்று எழுதவில்லை. அதை எழுதினால் இந்தத் தாளும் அதே கேட்டைத்தான் செய்யும்.

விஷயம் காதுக்கு எட்டியதும் மேற்பார்வையாளர் ஓடி வந்தார். நேற்றுவரை நெஞ்சு நிமிர்த்தி நடந்த மனிதர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அக்கா, நல்ல எண்ணத்துலதான் போட்டேன். யாராச்சும் உதவி பண்ணுவாங்கன்னு."

"அவ உங்ககிட்ட உதவி கேட்டாளா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எம்பேரை மட்டும் போட்டுறாதீங்க. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அறைந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. பேனாவை அழுத்திப் பிடித்து 'ஒரு மேற்பார்வையாளர்' என்று எழுதினாள். பெயர் எழுதிய தனித்தாளை உறையிலிட்டு, நடவடிக்கை எடுக்க வேண்டிய மனிதவள அதிகாரிக்கு என்று மேலே எழுதி ஒட்டினாள்.

அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ரொம்ப நன்றிக்கா. உங்கள மறக்க மாட்டேன்."

"எனக்கு எதுக்குய்யா நன்றி? உன் பேரு மறைஞ்சிருச்சு, அவ பேரு ஊரெல்லாம் போயிருச்சு. தான் பாட்டியாகப் போறோம்கிறது அவ மாமியாருக்கு நீ போட்ட படத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சிருக்கு. போ, அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு சொல்லு உன் நன்றிய!"