மூன்றாவது கூடத்து நாற்று

அன்னலீஸ் செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் செய்கிற வேலை, காபி இயந்திரத்தை வினிகர் ஊற்றிக் கழுவுவது. அது அவள் வேலையென்று யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்றுப்பண்ணையின் ஆர்டர் மேசையில் இருக்கிறாள். மற்ற எவனும் கழுவ மாட்டான் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பத்து மணிக்கு ஒட்டுக்கட்டும் பெண்களும் லாரிக்காரர்களும் சாப்பாட்டறைக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் சுண்ணாம்புக் கறை போயிருக்க வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினியைத் திறந்தபோது பாஸ்டியானின் மெயில் இருந்தது. அவன் தக்காளி பயிரிடுகிறவன், மூன்று கண்ணாடிக்கூடம் வைத்திருக்கிறான். அன்னலீஸின் அக்கா லேனியின் கணவனும் அவன்தான்; வீட்டில் எல்லோருக்கும் அவன் ‘பாஸ்’.

“இருபத்துநாலாயிரம் நாற்று சொல்லியிருந்தேன். பதினாறாயிரம் போதும். மூணாவது கூடத்தை இந்தக் குளிர்காலத்துல சும்மா விடறேன், எரிவாயுவுக்குக் கட்டுப்படியாகல. இது உனக்கு முன்னாடியே தெரியும். பாஸ்.”

கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். தெரியும்தான்.

அக்டோபர் எட்டாம் தேதி, லேனியின் பிறந்தநாள். வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் கைகொடுத்து, கேக்கும் காபியும் ஆனபின் பாலாடைக்கட்டித் தட்டை அன்னலீஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். பாஸ்டியான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டபடி, “மூணாவது கூடத்தை விளக்கில்லாம இருட்டாத்தான் விடப் போறேன் இந்த வருஷம்” என்றான். பக்கத்தில் இருந்த மாமனார் முறைக்காரர், “போன வருஷமும் இதேதான் சொன்னே, அப்புறம் கார் வாங்கினே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்னலீஸும் சிரித்துவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனாள். பிறந்தநாள் வட்டத்தில் வேலைப் பேச்சை எடுத்தால் லேனிக்குப் பிடிக்காது. எடுத்தாலும் அதை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

விதை போட்டது அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி. இன்று நவம்பர் பதினைந்து. வேர் கொடுக்கிற செடியும் காய் கொடுக்கிற செடியும் தனித்தனித் தட்டுகளில் விரல் உயரம் நிற்கின்றன. வியாழக்கிழமை ஏழு மணிக்கு இரண்டையும் வெட்டி ஒட்டுக் கட்டத் தொடங்குவார்கள். கட்டிவிட்டால் அந்த எட்டாயிரம் செடி பாஸ்டியானுடையதுதான். அவன் கேட்ட ரகத்தை வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

முதலாளி மார்னிக்ஸின் கதவைத் தட்டினாள்.

“பாஸ்டியான் மூணுல ஒரு பங்கைக் குறைக்கச் சொல்றான்.”

“இப்பவா? ஒட்டுக் கட்ட ரெண்டு நாள்தானே இருக்கு?”

“ஆமா. இன்னொண்ணு. விதைக்கறதுக்கு முன்னாடியே வாயால சொன்னான். அக்கா வீட்ல, பிறந்தநாள் அன்னிக்கு. என் காதுல விழுந்துச்சு.”

மார்னிக்ஸ் கண்ணாடியைக் கழற்றினான். “எழுத்துல?”

“இல்ல.”

“மாற்றம் எதுவா இருந்தாலும் எழுத்துலதான்னு நிபந்தனையில போட்டது யாரு?”

“நான்தான்.”

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கத்தரிக்காய்க்காரன் ‘போனில் சொன்னேனே’ என்று சண்டை பிடித்தபோது, அந்த வரியை அவள்தான் எழுதிச் சேர்த்தாள். வக்கீல் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“சரி, உன் வீட்டு ஆளு. விதைச் செலவுல ஏதாவது தள்ளிக் கொடுக்கணும்னா சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

போன வாரம் இதே மாதிரி குறைக்கக் கேட்ட ஒரு வெள்ளரிக்காய்க்காரருக்கு நிபந்தனையைக் காட்டித்தான் பதில் போட்டிருந்தாள். அவர் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இங்கே மச்சினி இல்லை.

“வேண்டாம்” என்றாள். “எல்லாருக்கும் ஒரே பதில்தான். அது என் காதுல விழுந்தது உனக்குத் தெரியட்டும்னுதான் சொன்னேன்.”

“தெரிஞ்சுது. காபி ஆச்சா?”

பத்து மணிக் காபிக்கு அவள் போகவில்லை. பதிலை எழுதினாள்.

“அன்புள்ள பாஸ்டியான், குறைக்கக் கேட்ட மெயில் இன்று காலை கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று நீ உறுதிசெய்த ஆர்டர் 24,000 நாற்று. எங்கள் நிபந்தனைகளின் ஏழாவது பிரிவுப்படி, எண்ணிக்கையை மாற்ற எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதைப்புக்கு முன் என்றால் செலவில்லை. விதைத்த பிறகு, ஒட்டுக் கட்டுவதற்கு முந்தைய நாள் நண்பகல் வரை என்றால், குறைக்கும் நாற்றுகளின் விலையில் நாற்பது சதவீதம். அதற்குப் பின் முழு விலை. உன் நாற்றுகளுக்கு விதைப்பு அக்டோபர் 25-இல் முடிந்தது. ஒட்டுக் கட்டுவது 17-ஆம் தேதி. ஆகவே 8,000 குறைக்க வேண்டுமானால், இணைத்திருக்கும் மாற்றத் தாளில் கையெழுத்திட்டு நாளை, புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பு. வராவிட்டால் ஆர்டர் முழுதாக நிற்கும். மீதி 16,000 நாற்றின் தேதி மாறாது.”

அதற்குக் கீழே, ‘அன்று நீ சொன்னது என் காதில் விழுந்தது’ என்று அடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழித்தாள். அது சொல்ல வேண்டியதுதான்; ஆனால் பண்ணையின் பெயர் போட்ட தாளில் அல்ல.

அன்று மாலை லேனி போனில் கூப்பிட்டாள். “அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, தோட்டத்துல என்னத்தையோ உதைச்சுக்கிட்டு இருக்கார். உங்களுக்குள்ள என்ன?”

“வேலை விஷயம்.”

“அப்ப எனக்கு வேண்டாம்” என்று லேனி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு பாஸ்டியான் நேரிலேயே வந்தான். மரக்கட்டைச் செருப்பை அறைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, மடித்த தாளை மேசையில் போட்டான். ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தது.

“ஏழாம் பிரிவாம்” என்றான். “உன் வாயால அதைச் சொல்ல முடியலையா, பேப்பர் கேக்குதா?”

“எல்லாருக்கும் பேப்பர்தான்.”

“எல்லாரும் உன் அக்காவைக் கட்டியிருக்காங்களா?”

“நல்லவேளை, இல்ல. ஒருத்தனைச் சமாளிக்கறதே போதும்.”

அவன் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அவள் தாளில் தேதியும் நேரமும் எழுதி, முத்திரை போட்டு, நகலை அவனிடம் நீட்டினாள். 11.38.

“அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுதா இல்லையா?”

“கேட்டுது.”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“கேட்டுதுன்னா?”

“புலம்பறேன்னு நினைச்சேன். வருஷா வருஷம் புலம்புவே. திங்கட்கிழமை ஒரு போன் போட்டு, நிஜமாவா பாஸ், நிஜம்னா ஒரு வரி எழுதி அனுப்புன்னு கேட்டிருக்கலாம். விதைக்க இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. போடல. அது என்மேல. இதை மார்னிக்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“அப்ப அந்த நாப்பது சதவீதம்?”

“அது உன்மேல. மெயில் அனுப்ப உனக்கும் ரெண்டு வாரம் இருந்துச்சு.”

அவன் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெண்கள் நாளைக்கான தட்டுகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்னலீஸ் ஆர்டர் அட்டையை எடுத்து இருபத்துநாலாயிரத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பதினாறு என்று எழுதினாள். அதை அவன் நின்று பார்த்தான்.

“சனிக்கிழமை எங்க வீட்ல வட்டம்” என்றாள், அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல். “எனக்கு ஐம்பத்துமூணு. லேனி வர்றேன்னு சொல்லிட்டா. நீயும் வருவே இல்ல, பாஸ்?”

தலையைத் தூக்கியபோது அவன் கதவுக்கு வெளியே, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். மரச்செருப்பின் சத்தம் தரையில் தட்டிக்கொண்டே வெளிவாசல்வரை போனது.