பதினொன்றே முக்காலுக்கு ஒரு கறுப்புத் துண்டு

தொண்டியார்பேட்டையில் கௌசரிடம் கல்யாண வீடியோ தொகுக்கக் கொடுத்தவர்களுக்குப் பொறுமை வேண்டும். எல்லா வீடியோத் துண்டையும் பார்த்து, பெயர் வைத்து முடிக்கும்வரை ஒரு நொடியைக்கூட வெட்ட மாட்டாள். கடையின் முன்பாதியில் செல்போன் பழுது பார்க்கும் அவள் கணவன் முதஸ்ஸிருக்கு இதனால் தினமும் பேஜாரு.

உமைமாவின் நிக்காஹுக்குப் பெண்கள் பக்கம் கேமராக்காரர் கிடையாது. சொந்தக்காரர்களின் பதினோரு போன்கள்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரம் மாறிவிடும் என்று போன்களையே வாங்கி, கேபிள் போட்டு இறக்கினாள் கௌசர். மொத்தம் அறுநூற்று நாற்பத்து மூன்று துண்டுகள். போனுக்கு ஒரு ஃபோல்டர், பத்திரமாக இன்னொரு பிரதி. முக்காடில்லாத பெண்கள் தெரியும் துண்டுகளின் பெயரில் 'வெளியே வேண்டாம்' என்று முதலில் வரும். அதை நம்பித்தான் அந்தப் பெண்கள் போனைக் கொடுத்திருந்தார்கள்.

உமைமா கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணின் சார்பாளரான வகீலாக வந்து அவளிடம் சம்மதம் கேட்டவர் அவளைப் பெற்ற அத்தா லியாகத் அலி. எம்.சி. ரோட்டில் துணி கூவி விற்றவர். கூவினால் தெருமுனைவரை கேட்கும். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது.

"அந்தக் குரல் எதுலயாச்சும் கீதா பாருக்கா," என்று அழுதாள்.

படம் தெரிந்த துண்டுகளையெல்லாம் மூன்று நாள் பார்த்துப் பெயர் வைத்தாள் கௌசர்; வெறும் கறுப்பானவை மட்டும் கடைசிக்கு. பிறகு பதினோரு போன்களின் துண்டுகளையும் எடுத்த நேரப்படி ஒரே வரிசையாக்கினாள். பதினொன்று முப்பத்தெட்டிலிருந்து பதினொன்று ஐம்பதுவரை எதுவுமே இல்லை. சம்மதம் கேட்க வகீலும் சாட்சிகளும் உள்ளே வந்ததும் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனை இறக்கிவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்!

எதுவுமே இல்லை என்பதும் தப்பு. நடுவில், பதினொன்றே முக்காலுக்கு, பதினோரு போன்களில் ஒன்றான லியாகத் அலியின் போனிலிருந்து ஒன்று. முழுக்கக் கறுப்பு.

"சட்டைப் பையில தானா ஓடினது அது. இந்த மாதிரி நாப்பது கீது, எல்லாத்தையும் அழிச்சுட்டு வேலையப் பாரு," என்றான் முதஸ்ஸிர்.

"கேக்காம எதையும் அழிக்க மாட்டேன்," என்று ஹெட்போனை மாட்டினாள். பிடிவாதக்காரி.

துணி உரசும் சத்தம். இருமல். பிறகு தெருவையே கூப்பிட்ட அந்தக் குரல், கூவாமல், நடுங்கி: "உமைமா, பிலாலுக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமாம்மா?" நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, "சம்மதம் அத்தா."

கௌசருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அந்தத் துண்டுக்குப் பெயரை அடித்து முடித்த பிறகே உமைமாவுக்குப் போன் போட்டாள்.

உமைமா ஓடி வந்தாள். மூன்று முறை கேட்டாள்.

"அக்கா, நடுவுல அத்தா சும்மா கீற நேரத்தையும் வெட்டிடாதக்கா."

கௌசர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். பெயர் அங்கே இருந்தது: '11.45, அத்தா கேட்டது, படம் இல்லை, வெட்டாதே.'