ஜூன் ஒன்றுக்கு முன் விற்காதே

தாராவி தொண்ணூறு அடி சாலையில் வானமாமலையும் அவர் தம்பி செல்வமும் நடத்திவந்தது பருவத்துக்குப் பருவம் முகம் மாறும் கடை. மார்ச் பிறந்தால் மேசை விசிறியும் ஏர் கூலரும் வாசலுக்கு வரும். மழைக்காலத்தில் குடை, ரெயின்கோட், கூரைக்கு விரிக்கிற நீலத் தார்ப்பாய். போட்ட முதலை முடக்குவதும் மீட்பதும் தார்ப்பாய்தான்.

அந்த வருஷம் கடைக்கே கெடு வைத்தாகிவிட்டது. கைபேசிக் கடை வைத்திருந்த கரீம் பாட்சா அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டிருந்தார். கொடுத்துவிடலாம் என்றான் செல்வம். இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த கடையை விட வானமாமலைக்கு மனசில்லை. கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இந்த மழைக்குத் தார்ப்பாய் முழுவதும் விற்றால் கடை இருக்கும். தேங்கினால் கரீம் பாட்சாவுக்குப் போகும்.

வானமாமலைக்குப் பயமில்லை. தள்ளுபடியை எப்போது வைப்பது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கொட்டுகிற மழையில் தார்ப்பாய்க்கு விலை குறைப்பவன் முட்டாள், நனைகிறவன் கேட்ட விலையைக் கொடுப்பான் என்பார். விலை குறைக்க வேண்டியது மழைக்கு முன்னால், வாங்கலாமா வேண்டாமா என்று ஜனங்கள் யோசிக்கிற நாட்களில். மும்பைக்கு மழை ஜூன் இரண்டாம் வாரம் வரும். அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிக்குமேல் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பள்ளி விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், ஜூன் முதல் வாரம் ரயிலில் வந்து இறங்குவார்கள். வந்ததும் கூரையைப் பார்ப்பார்கள். ஆகவே ஜூன் ஒன்று முதல் பத்து வரை பத்து சதவீதத் தள்ளுபடி. ஏப்ரலிலேயே மஞ்சள் சீட்டு அடித்து வீடுவீடாகக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு கட்டிலும் மேலிருக்கிற தார்ப்பாயின் ஓரத்தில் அதே தேதியோடு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்.

அந்தத் தேதியை அவர் இறுகப் பிடித்ததற்குக் காரணம் முப்பிடாதியம்மாள். தெருமுனையில் இட்லி விற்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன், சீட்டு கைக்கு வராததால், மே கடைசி நாளில் தார்ப்பாயை முழு விலைக்கு வாங்கிப்போனாள். மறுநாள் தள்ளுபடிப் பலகையைப் பார்த்ததும் கடை வாசலில் நின்று தெருவே கூடுகிற மாதிரி அவரை உரித்தெடுத்தாள். இனி ஜூன் ஒன்றுக்கு முன் கட்டைப் பிரிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

மே இருபதாம் தேதி கடையைச் செல்வத்திடம் விட்டுவிட்டு, மனைவி விஜயராணியோடு நாங்குநேரிக்கு ரயிலேறினார். புறப்படுமுன் சொன்னது ஒன்றுதான்: ஜூன் ஒன்றுக்கு முன் விற்காதே.

மே இருபத்தாறாம் தேதி காலையில் செல்வம் போனில் அழைத்தான். பேச்சுக்குப் பின்னால் மழையின் இரைச்சல் வானமாமலைக்கே கேட்டது.

"அண்ணே, தண்டவாளத்துல தண்ணி நிக்கி. தார்ப்பாய் கேட்டு ஆளுவ வரிசையில நிக்காவ. பிரிச்சிரட்டா?"

வானமாமலை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். நாங்குநேரியில் வெயில் சுள்ளென்று அடித்தது.

"ஏல, மே மாசம் இது. கோடைமழைதான். நாளைக்கே வெறிச்சிரும்."

பருவமழையே வந்துவிட்டதாக வானிலை ஆபீசில் சொல்கிறார்கள் என்றான் செல்வம். அவர்கள் சொல்லி எத்தனை வருஷம் பொய்த்திருக்கிறது என்றார் இவர். சரி, சீட்டு விலைக்கே கொடுத்துவிடுகிறேன், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று செல்வம் இறங்கி வந்தான். அதற்கும் இவர் சம்மதிக்கவில்லை. இப்போது நிற்கிறவனுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டால், சீட்டை நம்பி ஊரிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு போவான். அவன்தானே நிரந்தர வாடிக்கை என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற விஜயராணி பொறுக்கமாட்டாமல், "ஏங்க, மழை அங்கல்லா பெய்யுது. இங்க ஏன் வானத்தப் பாக்கிய?" என்றாள்.

அவர் உள்ளே திரும்பினார். போனில் தம்பியிடம், "நான் வந்து பிரிக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

செல்வம் பிரிக்கவில்லை. எதிர்க்கடை மெஹராஜ் அன்றைக்கே மொத்தச் சந்தையான மசூதி பந்தருக்குப் போய்த் தார்ப்பாய்க் கட்டுகளை டெம்போவில் ஏற்றி வந்தார். தள்ளுபடியும் இல்லை, பலகையும் இல்லை. போட்ட விலைக்குப் போயிற்று. கூரை ஒழுகி ஊறவைத்த அரிசியெல்லாம் அழுக்குத் தண்ணீரான நிலையில் முப்பிடாதியம்மாளும் முதலில் செல்வத்திடம்தான் வந்தாள். கட்டுகள் அவள் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. விற்பதற்கில்லை என்று சொல்லும்போது செல்வம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி வானமாமலை வந்து இறங்கினார். மழை நின்றுபோயிருந்தது. அவர் சொன்னபடி நாளைக்கே வெறிக்கவில்லை, ஆனால் வெறித்திருந்தது. வானம் வெளுத்து, புழுங்கியது. அவர் கட்டைப் பிரித்தார், பலகையை மாட்டினார். ஊரிலிருந்து வந்த வாடிக்கைக்காரர்கள் மஞ்சள் சீட்டோடு கடையைத் தாண்டிப் போனார்கள். கூரை ஒழுகிய வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரன் பரிதாபப்பட்டு ஏற்கெனவே தார்ப்பாய் விரித்திருந்தான். ஒழுகாதவர்கள் மழைதான் நின்றுவிட்டதே என்றார்கள். காய்கிற வெயிலில் பத்து சதவீதம் யாரை இழுக்கும்?

தள்ளுபடியை இருபது ஆக்கினார். கயிறு இலவசம் என்றார். ரெயின்கோட்டுக்கும் சேர்த்துக் குறைத்தார். பள்ளி திறக்கிறதே என்று ரெயின்கோட் மட்டும் போயிற்று. குறைக்காவிட்டாலும் அது போயிருக்கும் என்று செல்வம் முணுமுணுத்தான். பத்தாம் தேதி பலகையை இறக்க வேண்டியவர், சரக்கு கிடக்கிற கிடப்பைப் பார்த்து, மாதக் கடைசிவரை நீட்டித்தார்.

மாத நடுவில் மழை மறுபடி கொட்டியது. இப்போது ஆட்கள் வந்தார்கள். மே மாதத்தில் வந்த கூட்டத்தில் கால்வாசி. அவர்களும் பலகையில் எழுதியதைக் காட்டி இருபது சதவீதம் கழித்துக்கொண்டுதான் காசு கொடுத்தார்கள். முழு விலை கிடைக்கிற நாளில் தன் பலகையே தன் கையைக் கட்டிப்போட்டதை வானமாமலை நின்று பார்த்தார்.

பாதிச் சரக்கு நின்றுவிட்டது.

ஒருநாள் முப்பிடாதியம்மாள் கடைக்கு முன்னால் இட்லிக் கூடையை இறக்கினாள். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாவாரம் உண்டா? மழைக்கு மழை லீவு விடுத கடை உங்க கடை ஒண்ணுதான்" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒனக்குப் பயந்துதானே விக்கல?" என்றார்.

"நான் வெலைக்குத்தான் சண்ட போட்டேன் அண்ணாச்சி. நனைஞ்சவளத் திருப்பி அனுப்பச் சொல்லல."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை கடைசியில் கரீம் பாட்சா அளவெடுக்க ஆள் கூட்டி வந்தார். வானமாமலை தம்பியைத் தனியே அழைத்து, அன்றைக்கு நீ பிரித்து விற்றிருந்தால் நான் என்ன உன்னை அடித்தா இருப்பேன் என்று கேட்டார்.

செல்வம் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக்கொண்டே, "ஒரு வட்டம்கூட ஒன் பேச்ச நான் மீறினதில்லண்ணே. இப்போ அதுவும் தப்பாப் போச்சாக்கும்" என்றான். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறெதையும்கூட அதிகம் பேசவில்லை.

மீந்த கட்டுகள் வானமாமலை வீட்டுப் பரணுக்கு ஏறின. ஆகஸ்டில் மழை நகரத்தையே மூழ்கடித்தது. அவர் வீட்டுத் தகரத்திலும் ஓட்டை விழுந்து, சொட்டச் சொட்ட விஜயராணி பாத்திரங்களை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கிப் பிரித்தார். கூரைமேல் ஏறி, ஆணி அடிக்க ஓரத்தை மடித்தபோது ஸ்டிக்கர் கைக்கு வந்தது. ஜூன் ஒன்று முதல்.

கிழிக்கப் பார்த்தார், வரவில்லை. அவரே ஒட்டியது, நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். அதன்மேலேயே ஆணியை வைத்து அடித்தார்.