பெயரும் சேர்ந்துதான் வாடகை

திரையில் இருந்தது எங்கள் படம்தான். என் கையில் பறை, தம்பியின் கையில் பறை, பின்னால் இன்னும் இரண்டு பேர். படத்துக்குக் கீழே பொன்னிற எழுத்தில் "டிரைபல் டிரம்ஸ்" என்று போட்டிருந்தார்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலின் நடனக்கூடம். மத்தியானம் என்பதே தெரியாதபடி திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வட்ட மேசைகளில் கம்பெனி ஆட்கள்: ஆண்டு விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது, குடும்ப தினத்துக்கு யார், முக்கிய விருந்தினர் வாசலில் இறங்கும்போது எது முழங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள். எங்களைப் போன்ற கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். பாலிவுட் நடனக் குழு ஒன்று காட்டிவிட்டு இறங்கியது. வயலினில் சினிமாப் பாட்டு வாசிப்பவர் காத்திருந்தார். அவருக்கு அடுத்தது நாங்கள். இன்று பிடித்துப்போனால் அடுத்த வருஷம் முழுக்க வேலை. பிடிக்கவில்லையென்றால் மறுபடி கோயில் திருவிழாக்கள், பள்ளிக்கூட விழாக்கள், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது.

இந்தக் காட்சியை ஏற்பாடு செய்திருந்த பெண் என்னைவிட இளையவர். அவர் குடும்பத்துக்கு ஊரில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அப்பா கல்லாவில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர், ஆளைப் பார்த்ததும் பசியை அளந்துவிடுவார். மேடை ஓரத்திலேயே அவரைப் பிடித்தேன்.

"என்னங்க இது, டிரைபல்?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பறைன்னு போட்டா எம்சி பாராஹ்னு படிப்பாரு. மலாய்க்காரங்க கேட்டா என்ன நினைப்பாங்க? விபத்துல அடிபட்டு மோசமா கெடக்கறவனத்தான் பாராஹ்ம்பாங்க. டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசன் உள்ள வர்றப்ப மைக்ல அதயா சொல்றது?"

"நாசி லெமாக் சோத்துக்கு, நாசின்னா நமக்கு மூக்குன்னு யாராச்சும் பேர மாத்தினாங்களா?"

"அது வேற லா." குரலைத் தணித்தார். "உண்மையச் சொல்லவா? மலாய்க்காரங்க கேக்கவே இல்ல. நம்ம ஆளுங்கதான் கேட்டாங்க. மூணாவது மேசையில ஒரு மேனேஜர் இருக்காரு. படத்தப் பாத்துட்டு, இது சாவு மேளமாச்சே, இத ஏன் டின்னருக்குக் கொண்டாறீங்கன்னாரு."

மலாய்க்காரர் காதைக் காட்டித் தமிழர் வாயை மறைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குக் கீழே வேறொன்றும் வந்தது. இந்தத் தோலைத் தொட்ட நாளிலிருந்து அது எனக்குப் பழக்கம். கூலி வேலைக்குப் போகும் கூட்டத்திலும், சிங்கப்பூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலிலும் அது என் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இறக்கிவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும்: அடிப்பது.

"பேர மாத்தாம ஏறமாட்டோம்," என்றேன்.

"ஸ்லைட மாத்த நேரமில்லக்கா!"

தம்பி என் முழங்கையைத் தொட்டார். சாஆ என்ற ஊரிலிருந்து எண்ணெய்ப்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, கை பெரிசு. பறையை விரலால் சுண்டிக் காட்டினார். தொப்பென்றது. ஏர்கானில் தோல் தொய்ந்திருந்தது, நனைந்த அட்டைபோல.

"பேரு கெடக்கட்டும். இது செத்துருச்சு. காய்ச்சணும்."

காய்ச்சுவதென்றால் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவது. பிளாஸ்டிக் முகம் போட்ட பறை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, எங்கும் கொண்டுபோகலாம், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அது நன்றாகவே சத்தம் போடும். என்னோடு பேசாது.

ஹோட்டல் சிப்பந்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். உள்ளே நெருப்பா, புகை மணி அடித்தால் கட்டடமே காலியாகும் என்றார். பின்வாசலைக் காட்டினார். சமையல்கூடத்துச் சாமான் இறக்கும் திறந்த இடம். காலி எண்ணெய்த் தகரம் ஒன்றில் பழைய செய்தித்தாளும் தேங்காய் மட்டையும் போட்டுப் பற்றவைத்தோம். வெயிலில் தீ தெரியவில்லை; காற்று மட்டும் நடுங்கியது. தோலை அதன்மேல் சுழற்றினோம். தொப், தொப் என்றிருந்தது மெல்ல மெல்ல இறுகி, விரல் பட்டதும் ணங் என்று திரும்பிப் பார்த்தது.

எங்களைத் தேடிக்கொண்டு, மேடையில் அறிவிப்புச் செய்யும் எம்சி வந்தார். மலாய்க்காரர், மினுங்கும் கோட்டு. தகரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"காக், அப்பா நி?" அக்கா, என்ன இது என்கிறார்.

"பறை."

"பாராஹ்?" கண்ணை விரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மெமாங் பாராஹ்!" ரொம்ப ஓவர் என்று பையன்கள் கொண்டாடிச் சொல்வது அந்த வார்த்தைதான். விபத்துச் செய்தியிலும் அது இருக்கிறது, வேடிக்கையிலும் இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு பயமும் இல்லை.

"திரையில போட்டிருக்கறது தப்பு," என்றேன் மலாயில். "மைக்கில் எங்க பேரச் சொல்லுங்க. கடைசில 'றை', 'ராஹ்' இல்ல."

"பா-றை," என்றார். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை நானே தலையாட்டினேன்.

எங்கள் முறை வந்ததும் மேடையில் அப்படியே சொன்னார். திரையில் பொன்னெழுத்து மின்னிக்கொண்டிருக்கும்போதே, "அதைப் பார்க்காதீங்க, என் வாயைப் பாருங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு, "பறை!" என்றார். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் நான் அடித்தேன்.

எப்படி அடித்தோம் என்று எழுதத் தெரியவில்லை. இடது கையின் மெல்லிய குச்சி பேசிக்கொண்டே இருந்தது, வலது கையின் தடித்த குச்சி அதை வெட்டி வெட்டி நிறுத்தியது. மேசைமேல் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. கால்கள் கம்பளத்தை மறந்தன. என் வயசான முழங்கால் என்னைத் திட்டியது. திட்டட்டும் என்று இன்னொரு சுற்றுச் சுழன்றேன்.

இறங்கியதும் மூன்றாம் மேசைக்காரர் எழுந்து வந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ்.

"நல்லாத்தான் இருக்கு. எங்க டின்னருக்கு வாங்க. பேரு மட்டும் இந்தியன் டிரம்ஸ்னு வச்சுக்குவோம். என்ன சொல்றீங்க?"

"ஆட்டத்த மட்டும் வாடகைக்கு விடறதில்லங்க. பேரும் சேந்துதான்."

"அடம் பிடிக்கிறீங்க."

"ஆமாங்க."

அவர் போய்விட்டார். ஏற்பாட்டாளப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக், அக்கா! பெரிய கம்பெனிக்கா அது!"

பெரிய வேலையை அனுப்பிவிட்டேன் என்று எனக்கும் தெரியும். தம்பி லாரி வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவரோ குச்சியைத் துடைத்துக்கொண்டே, "சரியாத்தான் சொன்னீங்க," என்றார், நான் கேட்காமலே.

அப்போதுதான் ஒரு சீனப் பெண் எங்கள் பக்கம் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். யோங் பெங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நலன் பார்க்கிறவர்.

"உங்க மேல புகை வாசம். எங்க போனீங்க?" என்றார் மலாயில்.

பின்வாசல் தகரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதையும் காட்ட முடியுமா? எங்க குடும்ப தினம் திடல்லதான். நெருப்ப நடுவுல வைங்க, பிள்ளைங்க சுத்தி நிக்கட்டும், அப்புறம் அடிங்க. பேரு என்ன சொன்னாரு அவரு? பா...?"

"பறை."

"பறை," என்றார், முதல் தடவையிலேயே.

ஏற்பாட்டாளப் பெண் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். பொன்னெழுத்தை அழித்தார். எங்கள் தேவைகள் என்ற பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். "மேடை, மைக், உடை மாத்த ரூம். வேற என்னக்கா?"

"நெருப்பு."

"எழுதவா? எந்த ஹோட்டலும் இத ஒத்துக்காதுக்கா."

"அதுங்களுக்குப் பின்வாசல் இருக்கில்ல? எழுதுங்க."

எழுதினார்.