தலைவரின் தமிழ்ப் பொத்தான்

நீர்வேலியில் வீட்டிலிருந்தே இணையத்தளங்கள் செய்து பிழைப்பவள் நிரோஜா. பழைய மாணவர் சங்கம் இருமொழித் தளம் கேட்டது. தலைவர் கிருபைரட்ணம் மேடை கிடைத்தால் தமிழுக்காக உயிரையே கொடுப்பவர். ஆங்கிலக் கட்டுரைகளை இரண்டே நாளில் அனுப்பினார். தமிழ் மூன்று மாதமாகியும் வரவில்லை. தமிழ் இல்லாத இடத்தில் ஆங்கிலமே தெரியும்படி அமைத்துத் தளத்தைத் திறந்தாள்.

மறுநாளே தலைவர் தொலைபேசியில் பாய்ந்தார்.

"பிள்ளை, தமிழ் எண்டு அமத்தினாலும் இங்கிலிஷ்தான் வருது. உம்மடை பட்டன் பழுது!"

"பட்டன் வடிவா வேலை செய்யுது, சேர். நீங்கள்தான் தமிழிலை ஒண்டும் தரேல்லை."

தாய்மொழிக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து அன்றைக்கே இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார், சுத்தமான ஆங்கிலத்தில். நிரோஜா அதைத் தமிழ்ப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டாள். அங்கேதானே இடம் காலியாகக் கிடந்தது.